மூன்று எழுத்துக் கூடிப்போன வரி

மேனுகாவோடு கதைப்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சலான காரியம். நான் நாலு வசனம் சொன்னால் அவள் ஒன்று சொல்வாள். அதிலும் பாதிதான் வெளியே வரும், மீதி எங்கேயோ கரைந்துவிடும். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கமாட்டாள், கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

“ஏன் மேனுகா, வாய்க்கும் கணக்குப் போட்டுத்தான் கதைக்கிறயா?”

“பழகிற்று அண்ணன்,” என்றாள். அவ்வளவுதான்.

அவள் செய்வது படங்களுக்குச் சப்டைட்டில் எழுதும் வேலை. நான் அவள் எழுதியதைச் சரிபார்க்கிறவன். முன்பு ஒரு பத்திரிகையில் எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை கண்டால் கை துறுதுறுக்கும் குணம் அங்கேயே வந்துவிட்டது. பத்திரிகை நின்றுபோனது, குணம் நிற்கவில்லை. நாவற்குடாவில் அவளுடைய வீட்டின் பின்னறையில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. ஜன்னலைத் திறந்தால் வாவி. மத்தியானத்தில் தண்ணீரில் பட்ட வெளிச்சம் கூரைத்தகட்டின் உட்புறத்தில் ஏறி நெளிந்துகொண்டிருக்கும். கணினித் திரையிலும் குரலின் அலைக்கோடு அப்படியேதான் நெளியும். சில நேரம் எது தண்ணீர், எது குரல் என்று எனக்கே மயங்கிவிடும்.

அவள் தொடங்கியது கலியாண வீடியோக் கடையில். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், பூ மாதிரி எழுத்து. அங்கிருந்து யாரோ ஒருவர் ஒரு கொரிய நாடகத்தைக் கொண்டுவந்து கொடுக்க, அதற்குத் தமிழ் எழுதினாள். பத்து வருடமாக அதே வேலைதான்.

வேலையின் சட்டங்கள் சுவரில் ஒட்டியிருக்கின்றன, என் கையெழுத்தில். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து. பார்க்கிறவர் ஒரு நொடிக்குப் பதினேழு எழுத்து வாசிப்பார் என்று கணக்கு. ஆள் பேசத் தொடங்கும்போது எழுத்து வர வேண்டும், காட்சி வெட்டுப்படும்போது போய்விட வேண்டும். இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. புள்ளியும் அதற்கு ஒரு எழுத்து, ‘கி’யில் மேலே வளைகிற விசிறியும் ஒரு எழுத்து. ‘கோ’ நமக்கு ஒன்று, அதற்கு இரண்டு. இடைவெளியையும் கமாவையும்கூட விடாது. கணக்கு மீறினால் வரி சிவப்பாகும். சிவப்பைக் கண்டால் நான் திருப்பி அனுப்புவேன்.

அப்போது வெட்ட வேண்டும். எதை வெட்டுவது என்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ‘அதாவது’, ‘பாருங்க’, ‘என்ன’ போன்ற இழுவைகள். பிறகு ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது. பிறகு ஆளைக் கூப்பிடுகிற சொற்கள். அண்ணன், மகள், தங்கச்சி எல்லாம் போகும். யாரிடம் பேசுகிறார் என்பது படத்திலேயே தெரிகிறதே, எழுதுவானேன். கண்ணால் காண்கிறதை எழுதாதே, காதால் மட்டும் கேட்கிறதை எழுது. இது நான் சொன்ன வாசகம்தான். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மேனுகா எந்தப் படத்தையும் முதலில் சத்தமில்லாமல்தான் பார்ப்பாள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, வாய்கள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். கண் எங்கே போகிறது, எழுத்தை வாசிக்க எங்கே நேரம் கிடைக்கும் என்று பார்க்கிறாளாம். எனக்கு அவள் அப்படியே கனவுக்குள் இறங்கிவிட்டதாகத் தோன்றும். பாலத்தில் நடந்து போகும்போதுகூட எதிரே வருகிறவர்களின் நெஞ்சுக்குக் கீழே எழுத்து ஓடுவது போல இருக்கும் என்று ஒருதரம் சொன்னாள். அவள் சொன்ன நீளமான பேச்சுகளில் அதுவும் ஒன்று.

போன மாசியில் காத்தான்குடி றிப்ஷான் தான் எடுத்த ஒரு படத்தைக் கொண்டுவந்தார். இருபத்திரண்டு நிமிட ஆவணப்படம். பனிச்சங்கேணியில் வாவிக்குள் இறங்கி இறால் பிடிக்கிறவர்களைப் பற்றியது. பேச்சு முழுக்கத் தமிழ்.

“தமிழ்ப் படத்துக்கு ஏன் தமிழ் எழுத்து?” என்று நான் கேட்டேன்.

“ஊருல மீனவர் சங்கக் கட்டிடத்துல போடப்போறம். அங்க கோணாமலை எண்டு ஒராள் இருக்காரு. காது கேக்காது. அவரு வாசிக்கணும்,” என்றார் றிப்ஷான்.

பிறகுதான் விசயத்தைச் சொன்னார். படத்தில் வருகிற புஸ்பம் கோணாமலையின் மனைவி. படம் எடுத்து நாலு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டார். வாகரைப் பக்கம் சண்டை நடந்த காலத்தில் பக்கத்தில் விழுந்த ஒரு ஷெல்லோடு கோணாமலைக்குக் காது போனது. மனைவி பேசிக்கொண்டு அசைகிற ஒரே படம் இதுதான். அவர் றிப்ஷானிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவ என்ன சொன்னா எண்டு எனக்கு முழுக்கத் தெரியணும்.

மேனுகா கணினியை இழுத்துச் சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டாள்.

பதினாலாவது நிமிடத்தில் அந்தக் காட்சி வருகிறது. புஸ்பம் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார், இடுப்பில் இறால் போடும் பறி கட்டியிருக்கிறது. கமராவுக்குப் பக்கவாட்டாக நின்று றிப்ஷானோடு கதைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று தூரத்துப் பக்கம் திரும்புகிறார். அங்கே ஒரு தோணி. அதில் ஒரு மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு வலையை இழுக்கிறார். வெயில் தண்ணீர் முழுவதும் வெள்ளையாகக் கிடக்கிறது. புஸ்பம் அவரைப் பார்த்துச் சொல்கிறார்.

“இஞ்சேருங்க, வெயில் ஏறிற்று, வலைய மறுகா பாப்பம், தோணிய கரைக்கு விடுங்க, சோறு ஆறிப்போகும்.”

அவர் திரும்பவில்லை. காட்சி வெட்டுப்பட்டு அடுத்த ஆள் பேசத் தொடங்கிவிடுகிறார்.

பேசத் தொடங்கியதிலிருந்து வெட்டு வரைக்கும் சரியாக ஐந்து நொடி. ஐந்து நொடிக்கு எண்பத்தைந்து எழுத்து. புஸ்பம் பேசியது எண்பத்தெட்டு. மூன்று எழுத்துக் கூட. வரி சிவப்பாக நின்றது.

மேனுகா அதை அப்படியே எனக்கு அனுப்பினாள், சட்டம் தெரிந்தும். நான் பார்த்தேன். இதற்கெல்லாம் மண்டையை உடைக்கத் தேவையில்லை. ‘இஞ்சேருங்க’வைத் தூக்கினால் முடிந்தது. ஊரில் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லமாட்டார்கள், ‘இஞ்சேருங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது ஒரு சொல்லா, இருமல் மாதிரி ஒரு பழக்கம். வெட்டினேன். எழுபத்தைந்து எழுத்து, இரண்டு வரியில் அழகாக உட்கார்ந்தது. சும்மா இருக்கமாட்டாமல் பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டேன்: ‘காது கேளாதவரைக் கூப்பிடுவது வீண். நீக்கப்பட்டது.’

“அண்ணன், இத வைப்பமா?” என்று மேனுகா கேட்டாள்.

“என்னத்துக்கு? சிவக்குது.”

அவள் என் குறிப்பை இன்னொருதரம் வாசித்தாள். பிறகு ஓம் என்றாள்.

சனிக்கிழமை படம் போடுவதாக ஏற்பாடு. அதற்கு முன் புதன்கிழமை கோணாமலைக்கு ஒருதரம் காட்டிப் பார்க்க வேண்டும் என்று மேனுகா பிடிவாதமாக நின்றாள். வாசிப்பு வேகம் பார்க்க வேண்டுமாம். எனக்கு அது வெட்டி அலைச்சலாகத் தெரிந்தது. என்றாலும் வாகரை பஸ்ஸில் ஏறினேன். பஸ் நிறையக் காற்று. பாதையின் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்து வந்து போனது. மேனுகா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன், விரல்கள் மட்டும் மடியில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

கோணாமலை உயர்ந்த, காய்ந்த மனிதர். முற்றத்து வேப்பமரத்தின் கீழே பிளாஸ்டிக் கதிரையில் மடிக்கணினியை வைத்து, வெளிச்சம் படாமல் மேலே ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தோம். துணிக்குள்ளே அவருடைய முகமும் மேனுகாவின் முகமும் நீல வெளிச்சத்தில் இருந்தன. வெளியே நின்ற எனக்கு அவர்கள் இருவரும் தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தெரிந்தது.

அவர் வாசிக்கும்போது உதடு அசைந்தது. பதினாலாவது நிமிடம் வந்தது. அவர் உதடு ‘விடுங்க’ என்ற இடத்துக்கு வரும்போது திரையில் எழுத்து இல்லை. சோறு போய்விட்டது.

“திருப்பிப் போடுங்க புள்ள,” என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தம் பெரிதாக இருந்தது.

மூன்று தரம் போட்டாள். மூன்றாவது தரம் அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார்.

“முதல்ல என்னமோ சொல்றா. எழுத்துல வெயில் எண்டு கிடக்கு. வெயில் எண்டா கீழ் உதடு பல்லுல படும். இது படல்ல, வாய் இழுபட்டுத் திறக்குது. பக்கவாட்டுல நிக்கிறா, எனக்குப் பிடிபடல்ல. என்ன சொல்றா?”

நான் கையை ஆட்டினேன். ஒன்றுமில்லை, சும்மா ஒரு சொல் என்று சைகை காட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இருக்கவில்லை, களைப்புத்தான் இருந்தது.

“எல்லாரும் இதத்தான் தம்பி சொல்ற. நாலு பேர் கூடிச் சிரிப்பாங்க, என்னவெண்டு கேட்டா ஒண்டுமில்ல எண்டுவாங்க. பதினேழு வருசமா எனக்கு எல்லாரும் சுருக்கித்தான் சொல்லியிருக்காங்க. அவ மட்டுந்தான் என்னைத் தட்டிக் கூப்பிட்டு, முகத்துக்கு நேர நிண்டு, முழுசாச் சொல்லுவா.”

என் வாழ்க்கையில் ஒரு எழுத்துப்பிழைக்கும் அப்படி அவமானப்பட்டதில்லை.

மேனுகா கொப்பியை எடுத்து எழுதிக் காட்டினாள்: ‘பிழை எங்களில். திருத்திக்கொண்டு வாறம். சனிக்கிழமை திரையில் வாசிப்பீங்க.’ அவர் மெதுவாக வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

திரும்பி வரும்போது மேனுகாதான் பேசினாள். அவள் அவ்வளவு பேசியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“தட்டிக் கூப்பிடுவா எண்டு சொன்னாரே அண்ணன். தட்டினாப் பிறகுதான் அவர் திரும்புவார். திரும்பினாப் பிறகு சொல்றதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனா இஞ்சேருங்க எண்டுறது அவர் திரும்ப முந்திச் சொல்றது. மத்த எல்லாச் சொல்லையும் அவ வாயில பாத்திருப்பார். இத ஒருநாளும் பாத்திருக்க மாட்டார். கேக்காது எண்டு தெரிஞ்சும் அவ கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கா. அவருக்கு அது தெரியா.”

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ‘கூப்பிடுவது வீண்’ என்று எழுதிய கை என் மடியில்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் பார்த்தாள். கோணாமலைக்குப் பதினேழு ஓடாது. அவருடைய உதடு போன வேகத்தைப் பார்த்து நொடிக்குப் பத்து என்று வைத்தாள். ஐந்து நொடிக்கு ஐம்பது எழுத்து. முன்பு மூன்று எழுத்துத்தான் கூட, இப்போது முப்பத்தெட்டுக் கூட.

றிப்ஷானிடம் தொலைபேசியில் கேட்டோம், காட்சியை இரண்டு நொடி நீட்ட ஏலுமா என்று. அவர் முடியவே முடியாது என்றார். இனி வெட்டு மாற்ற ஏலாதபடி படத்தைப் பூட்டிச் சத்தமும் சேர்த்து முடித்தாகிவிட்டது. பிரதி ஒன்று போட்டிக்கும் போய்விட்டது.

பிறகு மேனுகா வெட்டத் தொடங்கினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெயிலை எடுத்தாள். திரை முழுக்க வெயில்தான் கிடக்கிறது, அவர் காண்பார். வலையை எடுத்தாள், அது அவருடைய கையிலேயே இருக்கிறது. தோணியை எடுத்தாள். அவர் நிற்பதே தோணியில்தான். மிஞ்சியது சோறும் கரையும். ‘சோறு ஆறிப்போகும், கரைக்கு விடுங்க.’ முப்பத்துநாலு எழுத்து. அதற்கு மூன்றரை நொடிக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்தாள். முன்னால் இருந்த ஒன்றரை நொடியில் ஒரே ஒரு சொல்லைத் தனியாக வைத்தாள், திரையின் நடுவில், வேறு எதுவும் இல்லாமல்.

இஞ்சேருங்க.

மேனுகா அனுப்பிய கோப்பைப் பார்த்துவிட்டு றிப்ஷான் தொலைபேசியில் எடுத்துப் பேசினார். “தங்கச்சி, என்ட படமே வலையப் பத்தினது. வலைய வெட்டிப்போட்டு, கூப்பிடுற சொல்லுக்கு ஒன்றரை நொடி குடுத்திருக்கீங்களே.”

“வலை தெரியுது, றிப்ஷான்,” என்றாள் மேனுகா. “இது தெரியல்ல.”

அந்தக் காட்சியை இன்னொருதரம் ஓட்டிப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

வரி எனக்கு வந்தது. ஒரு சொல்லை மட்டும் தனியே விடாதே, பின்வருவதோடு சேர் என்று என் கையாலேயே சுவரில் எழுதியிருக்கிறேன். பார்த்துவிட்டு அனுமதித்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. மீனவர் சங்கக் கட்டிடத்தின் ஜன்னல்களுக்கெல்லாம் பெண்கள் சேலை கட்டியிருந்தார்கள். வெளியே இன்னும் வெயில். சேலைகளுக்குள்ளால் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக வெளிச்சம் வடிந்து சனத்தின் முகங்களில் படிந்திருந்தது. காற்று வரும்போது நிறங்கள் ஆளுக்காள் மாறின. கோணாமலை முன்வரிசையில் வெள்ளைச் சேட்டோடு இருந்தார். மேனுகா அவருக்குப் பக்கத்தில், நான் சுவரோரம்.

படம் ஓடியது. ஊர்ச்சனம் தங்களைத் தாங்களே கண்டு சிரித்தது. சிரிக்கும் இடமெல்லாம் கோணாமலை எழுத்தை வாசித்துவிட்டு ஒரு கணம் பிந்திச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சனம் இன்னொருதரம் சிரித்தது.

பதினாலாவது நிமிடம். சுவரில் வாவி பெரிதாக விரிந்தது. புஸ்பம் தண்ணீரில் நின்றார். அவர் கதைத்துக்கொண்டிருந்து, தோணிப் பக்கம் திரும்பி, வாயைத் திறந்தார்.

இஞ்சேருங்க.

கோணாமலையின் உதடு அந்தச் சொல்லின் மேல் அசைந்தது. பிறகு அவர் நிமிர்ந்தார்.

“ஓம்,” என்றார் சத்தமாக. “வாறன்.”

திரையில் அந்த மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு வலையை இழுத்துக்கொண்டேயிருந்தார். திரும்பவில்லை. கதிரையில் இருந்தவர் மட்டும் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலில் ஒரு சேலை காற்றில் ஊதிப் பிறகு அடங்கியது.

காட்சி வெட்டுப்பட்டது. வேறு யாரோ இறால் விலை சொன்னார். கோணாமலை மெதுவாக உட்கார்ந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் சொல்லப்போனதில் இரண்டாவது வரியை அவர் வாசிக்கவில்லை. முப்பத்துநாலு எழுத்துக்காக நாங்கள் பட்டபாடு எல்லாம் வீண். பாழாய்ப்போன மூன்றரை நொடி.

படம் முடிந்து சேலைகளை அவிழ்க்கும்போது அவர் மேனுகாவிடம் வந்தார்.

“மறுகா என்ன சொன்னா?”

மேனுகா கொப்பியைத் திறந்தாள். எழுத்தை எண்ணவில்லை, வரியை அளக்கவில்லை. கொம்பு, புள்ளி, கமா ஒன்றையும் விடாமல் எண்பத்தெட்டையும் எழுதினாள். வெயில், வலை, தோணி, கரை, சோறு எல்லாம் திரும்பி வந்தன. தாளைக் கிழித்து அவருடைய கையில் கொடுத்தாள்.

அவர் வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் நின்று வாசித்தார். உதடு மெல்ல மெல்ல அசைந்தது. கடைசி வரைக்கும் போனது. எழுத்து எங்கேயும் மறைந்து போகவில்லை. பிறகு தாளை நாலாக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார்.

“அண்டைக்கு நான் பொழுது சாயத்தான் கரைக்கு வந்த நான்,” என்றார். “சோறு ஆறித்தான் போச்சி.”